‘அ’வில் விழுந்த தப்பு ‘இ’ வரை எப்படிப் போகிறது: ஒரு கிணற்றுக் கணக்கு

மேலூர்ப் பக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். அளவியல் பாடம் முடிந்ததும் ஒரு ஒர்க்‌ஷீட் கொடுத்தேன். அதில் ஒரு கேள்வி மூன்று பிரிவாக இருந்தது.

6 மீட்டர் விட்டமும் 14 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு கிணறு வெட்டப்படுகிறது. (அ) வெட்டி எடுத்த மண்ணின் கன அளவு என்ன? (ஆ) அந்த மண்ணைக் கிணற்றைச் சுற்றி 6 மீட்டர் அகலத்துக்கு வட்ட வளையமாகப் பரப்பி மேடை கட்டினால் மேடையின் உயரம் என்ன? (இ) மேடையின் வெளிப்பக்கச் சுவரில் கல் பதிக்கச் சதுர மீட்டருக்கு 120 ரூபாய் கூலி என்றால் மொத்தக் கூலி எவ்வளவு?

முதல் பிரிவுக்கு 2 மார்க், இரண்டாவதுக்கு 4, மூன்றாவதுக்கு 2. ஆக 8 மார்க்.

ஒரு மாணவி 1584 கன மீட்டர், 7 மீட்டர், 47,520 ரூபாய் என்று எழுதியிருந்தாள். மூன்றுமே தப்பு. நான் மூன்றையும் சிவப்பு மையால் அடித்து, முதல் பிரிவில் சூத்திரம் எழுதியதற்காக 1 மார்க் போட்டேன். மறுநாள் தாளை எடுத்துக்கொண்டு வந்து, “சார், ஒரே ஒரு தப்புதான் சார் செஞ்சேன்” என்றாள். அவள் சொன்னது உண்மை. அவளுக்கு 7 மார்க் வந்திருக்க வேண்டும். எப்படி என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சரியான வழி. விட்டம் 6 என்றால் ஆரம் 3. மண்ணின் கன அளவு π × 3² × 14 = 126π, அதாவது 22/7 போட்டால் 396 கன மீட்டர். மேடையின் உள் ஆரம் 3, அகலம் 6, ஆகவே வெளி ஆரம் 9. வளையத்தின் பரப்பு π(9² − 3²) = 72π. உயரம் 126π ÷ 72π = 1.75 மீட்டர். வெளிச்சுவரின் பரப்பு 2 × π × 9 × 1.75 = 99 சதுர மீட்டர். கூலி 99 × 120 = 11,880 ரூபாய்.

இந்தக் கணக்கில் எந்த எண் எங்கெங்கே போகிறது என்று ஒரு தடவை கவனிக்க வேண்டும். ஆரம் 3 இரண்டு இடத்தில் வேலை செய்கிறது: கிணற்றின் கன அளவில் ஒரு முறை, வளையத்தின் உள் வட்டமாக இன்னொரு முறை. வெளி ஆரம் 9-உம் இரண்டு இடத்தில் வருகிறது: ‘ஆ’வில் வளையத்தின் பரப்புக்கு, ‘இ’யில் சுவரின் சுற்றளவுக்கு. ‘அ’வின் விடை ‘ஆ’வுக்குள் போகிறது, ‘ஆ’வின் விடை ‘இ’க்குள் போகிறது. வாய்க்காலில் தலைமடையில் கலந்தது கடைமடை வயல் வரை போவது போலத்தான் இது. ஆனால் எல்லா மடையும் ஒரே வாய்க்காலில் இருப்பதில்லை. கிளை பிரிந்து வந்து மறுபடி சேரும் இடங்களும் உண்டு. தப்பு எவ்வளவு பெரிதாகிறது என்பதை அந்தக் கிளைகள்தான் தீர்மானிக்கின்றன.

இப்போது அந்த மாணவியின் தாளுக்கு வருவோம். ‘அ’வில் விட்டத்தையே ஆரம் என்று எடுத்துவிட்டாள். π × 6² × 14 = 504π, அது 1584. ஆனால் ‘ஆ’வுக்குப் படம் வரைந்திருக்கிறாள். படம் வரையும்போது கிணற்றின் நடுவிலிருந்து விளிம்பு வரை 3 என்று சரியாகக் குறித்திருக்கிறாள். அதனால் வளையம் 72π என்று சரியாக வந்துவிட்டது. உயரம் 504π ÷ 72π = 7. சுவர் 2 × π × 9 × 7 = 396 சதுர மீட்டர். கூலி 47,520.

அவளுடைய விடை ஒவ்வொன்றையும் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். 1584 ÷ 396 = 4. 7 ÷ 1.75 = 4. 47,520 ÷ 11,880 = 4. மூன்றிலும் 4. ஆரம் இரண்டு மடங்கானால் அதன் வர்க்கம் நான்கு மடங்காகும். அந்த நான்கு மடங்கு அப்படியே அடுத்தடுத்த படிக்குப் போயிருக்கிறது. வழியில் வேறு எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ‘ஆ’விலும் ‘இ’யிலும் அவள் செய்த வேலை முழுக்கச் சரி என்பதற்கு அந்த மாறாத 4 தான் சாட்சி.

இந்த விகிதத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. நாற்பது தாள் திருத்தும்போது ஒவ்வொரு பிள்ளையின் தப்பான எண்ணையும் வைத்துக்கொண்டு நாமும் முழுக் கணக்கையும் மறுபடி போட்டுப் பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. ஒரு வகுத்தல் மட்டும் போட்டால் தப்பு எந்தப் படியில் பிறந்தது, பிறகு புதிதாக ஏதும் சேர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.

அடுத்த தாள் ஒரு பையனுடையது. அவனும் விட்டத்தை ஆரமாக எடுத்தவன்தான். ஆனால் அவன் கடைசிவரை 6 தான் ஆரம் என்று நம்பியிருக்கிறான். ‘அ’வில் 1584. ‘ஆ’வில் உள் ஆரம் 6, வெளி ஆரம் 12, வளையம் π(144 − 36) = 108π. உயரம் 504 ÷ 108 = 4.67 மீட்டர். சுவர் 352 சதுர மீட்டர், கூலி 42,240. விகிதங்கள் 4, 2.67, 3.56 என்று வருகின்றன. முதல் தாளைப் போல ஒரே எண் இல்லை.

விகிதம் மாறுகிறதே, அப்படியானால் இவன் புதுத் தப்பு செய்தானா? இல்லை. அதே தப்பு கிளை வழியாக இரண்டாம் தடவை உள்ளே வந்திருக்கிறது. கன அளவு பெரிதானபோது வளையமும் பெரிதாகிவிட்டதால், வகுக்கும்போது ஒன்றின் வீக்கத்தை இன்னொன்று கொஞ்சம் குறைத்திருக்கிறது. அதனால் அவனுடைய 4.67, அந்த மாணவியின் 7-ஐ விடச் சரியான விடைக்கு அருகில் நிற்கிறது. ஆனால் புரிதலில் அவள்தான் முன்னால் இருக்கிறாள், ஏனென்றால் படம் வரைந்தபோது அவளுக்கு ஆரம் எது என்று தெரிந்திருந்தது. கடைசி விடை எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதை வைத்துப் பிள்ளையின் அறிவை அளக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். மார்க் என்று வந்தால் இருவருக்கும் 7 தான். விட்டத்தை ஆரமாகப் படித்தது ஒரே பிழை, அதற்கு ஒரே முறைதான் குறைக்க வேண்டும்.

மூன்றாவது தாள்தான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. ‘அ’வில் 126 என்று இருந்தது, தப்பு. ‘ஆ’வில் 1.75 என்று இருந்தது, சரி. ‘இ’யில் 3,780 ரூபாய், தப்பு. முதலில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து நடு விடையை எழுதிவிட்டானோ என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்குப் பிறகு வருத்தப்பட்டேன். அவன் எல்லா இடத்திலும் π-ஐ விட்டிருந்தான். கன அளவு 126, வளையம் 72, இரண்டிலும் π இல்லை. வகுக்கும்போது எப்படியும் அடிபட்டுப் போகிற π என்பதால் உயரம் சரியாக வந்துவிட்டது. ‘இ’யில் வகுத்தல் இல்லை. 2 × 9 × 1.75 = 31.5 என்று எழுதியபோது மறைந்திருந்த தப்பு மறுபடி வெளியே வந்தது. விகிதங்கள் 0.318, 1, 0.318. அந்த 0.318 என்பது 1-ஐ π-ஆல் வகுத்தால் வருகிற எண். அதைப் பார்த்தவுடன் என்ன விட்டுப்போனது என்று தெரிந்துவிடுகிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ‘ஆ’ சரியாக வந்ததால் ‘அ’வும் சரி என்று பிள்ளைகள் நிம்மதி அடையக் கூடாது. நாமும் திருத்தும்போது நடு விடை சரியாக இருப்பதைப் பார்த்து முன் விடையின் மேல் டிக் போட்டுவிடக் கூடாது. தப்பு ஒரு படியில் மூழ்கி அடுத்த படியில் எழ முடியும்.

நான்காவது வகை, ‘அ’ சரியாக இருந்து ‘ஆ’வில் பிறக்கிற தப்பு. வளையத்தின் பரப்புக்கு π(9² − 3²) என்று எழுதாமல் π(9 − 3)² என்று எழுதுவது. 72-க்குப் பதில் 36 வரும். உயரம் 3.5, கூலி 23,760. விகிதம் 1, 2, 2. தப்பு ‘ஆ’வில் பிறந்தது, ‘இ’ சரியாகச் செய்யப்பட்டது என்று அந்த மூன்று எண்ணே சொல்லிவிடும். பரப்பு பாதியானதற்கு உயரம் இரண்டு மடங்கு ஆனதையும் கவனியுங்கள். வகுக்கும் எண்ணில் விழுந்த தப்பு தலைகீழாக வெளியே வரும். இந்தப் பிழைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்கலாம் என்பது என் கருத்து. விட்டத்தை ஆரமாகப் படிப்பது கவனக்குறைவு. வர்க்கங்களின் வித்தியாசத்தையும் வித்தியாசத்தின் வர்க்கத்தையும் ஒன்றாக நினைப்பது பாடம் புரியாதது. அதை மறுபடி உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும்.

எண்ணை மாற்றி எழுதும் தப்பும் உண்டு. ‘அ’வில் 396 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, தாளைத் திருப்பியதும் ‘ஆ’வில் 369 என்று எடுத்து எழுதிவிடுவார்கள். உயரம் 1.63 வரும். இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் 27. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும். கடையில் பேரேடு எழுதுகிறவர்கள் கூட்டல் ஒட்டாதபோது முதலில் பார்ப்பது இதைத்தான்.

பின்னத்தைச் சீக்கிரமே முழுமையாக்குவது இன்னொன்று. 1.75-ஐ 1.8 என்று எழுதி ‘இ’க்குப் போனால் சுவர் 101.83 சதுர மீட்டர் ஆகும், கூலி சுமார் 340 ரூபாய் கூடிவிடும். சதவீதத்தில் பார்த்தால் 3-ஐக் கூடத் தொடவில்லை. ஆனால் கடைசி எண் சாவியோடு ஒட்டாது. இதற்கு நான் சொல்லும் வழி எளிது. ‘அ’வில் 396 என்று விடை எழுதினாலும் பக்கத்திலேயே 126π என்றும் எழுதி வை. ‘ஆ’வுக்கு 126π-ஐ எடுத்துப் போ. 22/7 போட்டவனுக்கும் 3.14 போட்டவனுக்கும் உயரம் அச்சாக 1.75 வரும், ஏனென்றால் அங்கே π-யே இருக்காது. நடு விடையைச் சுருக்காமல் எடுத்துப்போனால் பாதித் தொல்லை போய்விடும்.

சரி, பிள்ளை தானே எப்படிக் கண்டுபிடிப்பது? விடைச் சாவி அவள் கையில் இல்லையே. பொதுவாக, விடையைப் பின்னோக்கிப் போட்டுப் பார் என்று சொல்வோம். உயரம் 7-ஐ 72π-ஆல் பெருக்கினால் 504π வருகிறது, சரியாக இருக்கிறது என்று அவளும் பார்த்திருக்கிறாள். அது வகுத்தலைத்தான் சோதிக்கும். ‘அ’வின் தப்பு அதில் தெரியவே தெரியாது, ஏனென்றால் அவள் தப்பான எண்ணிலிருந்து புறப்பட்டு அதே தப்பான எண்ணுக்குத் திரும்பி வருகிறாள். ‘அ’வைச் சோதிக்க ‘அ’வைத் தொடாத வேறு வழி வேண்டும்.

அந்த வழி ஒன்று இருக்கிறது. வட்டக் கிணற்றை ஒரு சதுரப் பெட்டிக்குள் வைத்துப் பார்க்கலாம். 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 14 மீட்டர் ஆழம் என்று சதுரமாக வெட்டினால்கூட 6 × 6 × 14 = 504 கன மீட்டர்தான் மண் வரும். வட்டக் கிணறு அதற்குள் அடங்கும். ஆகவே 1584 வரவே முடியாது. இன்னும் நெருங்க வேண்டுமென்றால், வட்டம் தன்னைச் சுற்றிய சதுரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே நிரப்பும். 504-இல் முக்கால் 378. அதற்குக் கொஞ்சம் மேலே 396. இதை மனக்கணக்காகவே போட்டுவிடலாம், அரை நிமிஷம் ஆகாது.

அந்த மாணவியின் தாத்தா கிணறு வெட்டும் வேலை பார்த்தவர். அவள் வீட்டில் இதைச் சொல்லியிருக்கிறாள் போல. மறுவாரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர் என்னிடம், “ஏன் வாத்தியாரே, இருபதடிக் கெணத்துக்கு எத்தனை யூனிட்டு மண்ணு வரும்னு எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே” என்றார். நம் பக்கம் மண்ணும் மணலும் யூனிட் கணக்கில்தான் விற்கும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 396 கன மீட்டர் என்பது ஏறக்குறைய 140 யூனிட். 1584 என்றால் 560 யூனிட். இருபதடி அகலக் கிணற்றுக்கு 560 யூனிட் என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். 7 மீட்டர் மேடை என்பதும் அப்படித்தான். அது இரண்டு மாடி வீட்டின் உயரம். தண்ணீர் எடுக்க ஏணி போட்டு ஏற வேண்டியிருக்கும். (வெட்டிய மண் உதிர்ந்து உப்பிவிடும், குழியில் இருந்ததைவிட அதிக இடம் பிடிக்கும் என்றும் அவர் சொன்னார். அது உண்மைதான். பாடக் கணக்கு அந்த உப்பலைச் சேர்ப்பதில்லை. ஆனாலும் அது நான்கு மடங்கெல்லாம் ஆகாது.)

விகித முறைக்கும் எல்லை உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் யாராவது கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்திவிடுவார்கள். எல்லாப் படியும் பெருக்கலாகவோ வகுத்தலாகவோ இருக்கும் வரைதான் அது ஓடும். கூலியோடு வண்டி வாடகை 2,000 ரூபாய் சேர்த்து மொத்தச் செலவு கேட்டிருந்தால் சரியான விடை 13,880. மாணவியின் விடை 49,520. விகிதம் 3.57 என்று வரும், நாலு மறைந்துவிடும். அந்த 2,000-ஐ இரண்டிலிருந்தும் கழித்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். எத்தனை லோடு, எத்தனை மூட்டை என்று முழு எண்ணாக மேலே ஏற்றும் கேள்விகளிலும் விகிதம் பிசகும். அங்கே தாளை வரிவரியாகப் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

முன் பிரிவின் தப்பான விடையை வைத்துப் பின் பிரிவைச் சரியாகச் செய்தால் மார்க் கொடுக்கும் முறை சர்வதேசப் பாடத்திட்டத் தேர்வுகள் சிலவற்றில் எழுதப்பட்ட விதியாகவே இருக்கிறது. ஃபாலோ த்ரூ மார்க் என்பார்கள். அதிலும் வரம்பு வைத்திருக்கிறார்கள். தப்பினால் பின் பிரிவு ரொம்பச் சுலபமாகிவிட்டால் முழு மார்க் கிடையாது. நிகழ்தகவு 1-ஐத் தாண்டுவது போல நடக்கவே முடியாத விடை வந்தால் அதை ஏற்பதில்லை. இந்த இரண்டு வரம்பும் நியாயமானவை என்றே நினைக்கிறேன். 7 மீட்டர் மேடை அந்த இரண்டாவது வரம்புக்குள் வருமா என்று யாராவது கேட்கலாம். அது பொருந்தாத விடைதான், ஆனால் கணிதப்படி முடியாத விடை இல்லை. அதனால் மார்க் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ‘இவ்வளவு உயரமா?’ என்று எழுதிவைக்கிறேன்.

திருத்துவதைவிடக் கேள்வியைத் தயாரிக்கும்போதே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரு வழி, ‘அ’வில் “மண்ணின் கன அளவு 396 கன மீட்டர் எனக் காட்டுக” என்று விடையைக் கொடுத்தே கேட்பது. தப்பு அங்கேயே நின்றுவிடும், எல்லோரும் 396-ஐ வைத்துக்கொண்டு ‘ஆ’வுக்குப் போவார்கள். இதில் ஒரு குறை. விடை தெரிந்துவிட்டதால் சில பிள்ளைகள் நடு வரிகளை எப்படியோ வளைத்துக் கடைசி வரியில் 396-ஐக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அதைப் படித்துக் கண்டுபிடிப்பது தனி வேலை.

நான் இப்போது எடுத்துக்கொண்டது இன்னொரு வழி. ‘ஆ’வின் கீழே ஒரு வரி சேர்த்தேன்: “(அ)-வுக்கு விடை கிடைக்காதவர்கள் கன அளவை 400 எனக் கொள்க.” 396 என்று கொடுக்காமல் வேண்டுமென்றே 400 என்று கொடுத்தேன். 400-ஐ வைத்துப் போட்டால் உயரம் 1.77 வரும், 396-ஐ வைத்தால் 1.75. விடையைப் பார்த்ததுமே யார் எதை வைத்துப் போட்டார்கள் என்று தெரிந்துவிடும், ‘அ’வின் விடையையும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாக ஆகாது.

அடுத்த முறை அதே வடிவில் கொடுத்தபோது மூன்று தாளில் ‘அ’ வெறுமையாக இருந்தது. மூன்றிலும் ‘ஆ’வில் 1.77, ‘இ’யில் சுவரின் பரப்பு 100-ஐ ஒட்டி. வளையமும் தெரிகிறது, சுவரும் தெரிகிறது, உருளையின் கன அளவு மட்டும்தான் தெரியவில்லை. பழைய மாதிரி கேட்டிருந்தால் அந்த மூன்று தாளிலும் நான் பூஜ்யம்தான் போட்டிருப்பேன். அன்று மாலை அந்த மூன்று பேரையும் தனியாக உட்காரவைத்து, ஒரு டம்ளரில் அரிசியை நிரப்பி, அடிப்பரப்பை உயரத்தால் ஏன் பெருக்குகிறோம் என்பதிலிருந்து ஆரம்பித்தோம்.